கடைசிச் சொல் வரைக்கும் வாசிக்கிறவள்

மணிக்கை என்கிற பேரை நான் முதன்முதலில் கேட்டது என் வீட்டு வாசலில்தான். கேட்ட கையோடு, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று சொல்லிக் கதவையும் சாத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அது. வாசலில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். அவர் கண்ணில் கறுப்புக் கண்ணாடி, ஒரு கையில் வெள்ளைக் கோல், இன்னொரு கை அந்த அம்மாவின் முழங்கையில். "மணிக்கைங்கிறவங்க வீடு இதுதானே?" என்று அந்த அம்மா கேட்டாள். மூன்றாவது மாடி வரைக்கும் ஏறி வந்த மூச்சிரைப்பு இன்னும் அடங்கவில்லை. இல்லை என்று நான் சொன்னதும் இரண்டு பேரும் மறுபடி படியிறங்க ஆரம்பித்தார்கள்.

குளியலறையிலிருந்து சத்தம் வந்தது. "யாரு அத்தை?"

"யாரோ மணிக்கையாம். மணிக்கையோ மணிபர்ஸோ, தப்பு வீட்டுக்கு வந்துட்டாங்க."

"ஐயோ அத்தை, அது நான்தான்!"

தலையில் ஈரத் துண்டோடு அவள் படியில் ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் வீட்டில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணுக்கு ஊரெல்லாம் ஒரு பேர் இருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

யார் அவள் என்று சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்கு மூன்று ஆண், இரண்டு பெண். அந்த இரண்டாவது பெண், அதாவது என் சின்ன நாத்தனார், பெற்ற ஒரே மகள் இவள். பன்னிரண்டு வயதில் தாயைப் பறிகொடுத்தாள். அப்பன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அதனால் என் வீட்டுக்காரர், தாய்மாமன் என்கிற உரிமையில், ஒரு பையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளிக்கூடம் முடித்தாள். கல்லூரிக்கு விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்த வாரத்தில் அப்பனுக்குக் கையும் காலும் இழுத்துக்கொண்டது. ஏழு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடியபோது இவளுக்கு இருபத்தைந்து. பாரம் பெட்டிக்கு அடியில் மஞ்சளாகிக் கிடந்தது.

கையெழுத்து மட்டும் அவளுக்கு மணி மணியாக இருக்கும். எங்கள் வம்சத்தில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கும் விலாசம் எழுத அவள்தான் வேண்டும். என் கொழுந்தன் மகள் கல்யாணத்துக்கு நானூறு உறை எழுதினாள். ஒன்றிலும் ஒரு அடித்தல் கிடையாது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே வேலைக்குப் போனாள். மாணவர்கள் பழைய கேள்வித்தாளையெல்லாம் அங்கேதான் நகல் எடுப்பார்கள். ஒரு தேர்வு நாளில் வலது கை முறிந்த பெண் ஒருத்தி அழுதுகொண்டு வந்து நின்றாளாம், தனக்காக எழுத யாருமில்லை என்று. சொல்லச் சொல்ல எழுதித் தருகிறவருக்கு ஸ்கிரைப் என்று பேர். அதற்கு ஒரு சட்டம் உண்டு. எழுதுகிறவர், எழுதச் சொல்கிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் இவரே பதிலைப் போட்டுவிடுவார் இல்லையா? "படிக்காததுக்கும் ஒரு மரியாதை இருக்கு பாருங்க அத்தை" என்று இவள் சிரிப்பாள். அன்றிலிருந்து பதினோரு வருஷம், கை முறிந்தவர், கை நடுங்குகிறவர், பார்வை இல்லாதவர் என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. அவர்கள் வைத்த பேர்தான் மணிக்கை.

வாசலில் வந்தவருக்கும் அதே தேவைதான். ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, வருகிற அழைப்பை எந்த வார்டுக்கு என்று கேட்டு இணைத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. நாற்பத்திரண்டு வயது. பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஆக வேண்டும் என்று ஆசை. பயிற்சித் தேர்வில் மற்றத் தாளெல்லாம் தேறியாகிவிட்டது. கல்வி முறைத் தாள் ஒன்றுதான் இழுக்கிறது. ஐம்பது வாங்க வேண்டும். முதல் தடவை நாற்பத்தாறு, இரண்டாம் தடவை நாற்பத்தேழு. மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்களாம். அந்தப் பள்ளிக்கூடமும் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. இந்தத் தடவை போனால் போனதுதான்.

"படிக்கலைன்னா பரவாயில்லை, விட்டுடலாம்" என்றாள் அவர் மனைவி. "எல்லாம் இவருக்குத் தலைகீழாத் தெரியும். ஆனா இவர்கிட்ட பஸ் வந்துச்சான்னு கேட்டா பஸ்ஸோட பரம்பரையைச் சொல்லுவார்."

"கேட்டவங்களுக்குத் தெரியட்டுமேன்னுதான்" என்றார் அவர், கோபமே இல்லாமல். தண்ணீர் மாதிரி தெளிந்த குரல் அவருக்கு.

பழைய விடைத்தாள்களின் நகலை அந்த அம்மா மனுப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். மணிக்கை அவற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கேள்வித்தாள். அரை மணி நேரம் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன், அது ஆறியது.

"அண்ணா, ரெண்டாவது கேள்வி நாலு மார்க். இதுக்கு மூணு பக்கம் சொல்லியிருக்கீங்க."

"எவ்வளவு போட்டிருக்காங்க?"

"நாலுக்கு நாலு."

"அப்புறம் என்னம்மா?"

"முப்பது பக்கம் சொன்னாலும் நாலுதான் அண்ணா. கேள்வி என்னன்னா, நல்ல வகுப்பறையின் தேவைகளைக் கோடிட்டுக் காட்டுக. நாலு வரி போதும். நீங்க செலவழிச்ச நேரத்துல கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை. அங்க பன்னிரண்டு மார்க் போச்சு."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மணிக்கை அடுத்ததைப் பார்த்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுத ஒரு குழந்தை தாமதிப்பதற்கான காரணங்களை விளக்குக என்று கேள்வி. இவர் அந்தக் குழந்தை கண்ணைச் சுருக்குவதை, எட்டி எட்டிப் பார்ப்பதை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்ப்பதை அப்படியே படம் பிடித்த மாதிரி சொல்லியிருந்தார். ஏன் என்று ஒரு வரி இல்லை. எட்டுக்கு மூன்று. இன்னொரு இடத்தில் வகுப்பறை ஒன்றை விவரிக்க என்று கேட்டிருக்கிறார்கள், அங்கே போய் ஏன், எதனால், எந்த நாளிலிருந்து என்று காரணமாகக் கொட்டியிருக்கிறார். சன்னல் எந்தப் பக்கம் என்பதைக் காணோம். வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதைதான்.

"போன தடவை எழுதினவங்க கேள்வியை எப்படி வாசிச்சாங்க அண்ணா?"

"அவங்க வாசிக்க ஆரம்பிச்சதுமே எனக்கு விஷயம் புரிஞ்சிடும். உடனே எழுதச் சொல்லிடுவேன். நேரம் மிச்சமாகுமே."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கே புரிந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்கிற சொல் கேள்வியின் வாலில்தானே இருக்கிறது? மனுஷன் தலையைக் கேட்டதுமே ஓட ஆரம்பித்துவிடுகிறார்.

ஒன்பது ஞாயிறு எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பயிற்சி. தேர்வு அறைக்கு வெளியே ஸ்கிரைப் என்ன வேண்டுமானாலும் பேசலாம், உள்ளேதான் வாய்க்குப் பூட்டு. கடையில் நகல் எடுத்த பழைய கேள்வித்தாள், மார்க் போடுகிற முறை எழுதிய தாள், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருந்தாள். புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசித்துக் காட்டினால் அவர் தலையாட்டுவார், அடுத்த கேள்வியில் பழைய குருடி கதவைத் திறடி. அந்தப் பழமொழியை அவரேதான் சொல்லிச் சிரிப்பார், எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

மூன்றாவது ஞாயிறு எங்கள் கட்டடத்தில் தண்ணீர் மோட்டர் நின்றுவிட்டது. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து என்னிடம் கத்திவிட்டுப் போனார். அவர் போனதும் இவள் கேட்டாள். "அண்ணா, மோட்டர் பிரச்சினையைக் கோடிட்டுக் காட்டுங்க. நாலு மார்க்."

"மோட்டர் ஓடலை. தொட்டி காலி. ரிப்பேர்காரருக்குச் சொல்லியாச்சு. சாயங்காலம் வருவார்."

"அவ்வளவுதான். தலைப்பு தலைப்பா, முக்கியமானது மட்டும். இப்ப மோட்டரை விவரிங்க."

"எனக்குத் தெரியாதேம்மா, பார்த்ததில்லை."

"அத்தை பார்த்திருக்காங்க."

என்னைக் கேட்டால் விடுவேனா? மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, பச்சைப் பெயின்ட் உரிந்திருக்கிறது, மேலே ஒரு கிழிந்த சாக்கு, போட்டால் உறுமும், குழாய் சேருகிற இடத்தில் சொட்டும் என்று சொன்னேன். ஏன் சொட்டுகிறது என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்துங்க அத்தை! ஏன்னு நான் கேக்கலை. எப்படி இருக்குன்னுதான் கேட்டேன். இப்ப கேக்கறேன். ஏன் ஓடலை? விளக்குங்க."

"சொட்டுற தண்ணி கம்பி போற இடத்துல இறங்கிடுச்சு. அதனால உள்ள எரிஞ்சிருச்சு. எரிஞ்சதால சுத்தலை. சுத்தலைன்னா தண்ணி எப்படி மேல ஏறும்?"

"பாத்தீங்களா அண்ணா? அதனால, அதனாலன்னு ஒண்ணுல ஒண்ணு கோத்துகிட்டே போறாங்க. அதான் விளக்கம். அத்தைக்கு எட்டுக்கு எட்டு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள்.

"விவாதிக்கன்னா?" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் பழைய மோட்டரைச் சரி பண்ணுவதா, புதுசு வாங்குவதா என்று படிக்கட்டில் கூட்டம் நடந்தது. இவள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் நடுப்படியில் உட்கார வைத்துவிட்டாள். மேல்வீட்டு ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், "புதுசு வாங்கினா பத்து வருஷம் கவலையில்லை" என்றார். கீழ்வீட்டுக்காரர், "பத்து வருஷம் நீங்க இருப்பீங்களா சார்?" என்றார். ஒரே கூச்சல். கடைசியில் ரிப்பேர்காரர் வந்து, இரண்டு பக்கத்தையும் கேட்டு, இந்த மோட்டருக்கு ஏற்கெனவே இரண்டு தடவை உள்ளே கம்பி மாற்றியிருக்கிறது, மூன்றாவது தாங்காது, அதனால் புதுசுதான் நல்லது என்று முடித்தார்.

மேலே வந்ததும் டெலிபோன்காரர் சொன்னார். "கணக்கு வாத்தியார் ஒரு பக்கம் பேசினார். கீழ்வீட்டுக்காரர் மறுபக்கம். விவாதிச்சவர் அந்த ரிப்பேர்காரர் ஒருத்தர்தான். ரெண்டையும் எடுத்து வச்சார், ஆதாரம் காட்டினார், முடிவும் சொன்னார். சரியாம்மா?"

"சரி அண்ணா."

"நான் இத்தனை நாளா கணக்கு வாத்தியாராவே இருந்திருக்கேன்."

இத்தனைக்கும் பிறகும் ஒரு வழக்கம் வைத்தாள். ஒவ்வொரு பதில் முடிந்ததும், "கேள்வியை மறுபடி படி" என்று அவரே கேட்க வேண்டும். கேட்டால் படிக்கலாம், அது சட்டப்படி சரி. கேட்காமல் படிக்க முடியாது. கேட்டாலும் தாளில் உள்ளபடி படிக்கலாமே தவிர, ஒரு சொல்லை அழுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, கனைக்கக் கூடாது.

ஏழாவது ஞாயிறு அவர் மனைவி சமையலறைக்குள் வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி, இவர் மறந்துட்டா மேஜைக்கு அடியில காலால ஒரு தட்டு தட்டேன். யாருக்குத் தெரியும்?"

"மாட்டேன் அண்ணி."

"ஒரே ஒரு தட்டு."

"பிடிச்சா அண்ணன் தாள் செல்லாது. என்னையும் இனி யாருக்கும் எழுத விடமாட்டாங்க."

"பிடிச்சாத்தானே?"

"பிடிக்கலைன்னா இன்னும் மோசம் அண்ணி. நாளைக்கு அண்ணன் வகுப்புல நிக்கும்போது, தான் பாஸானதா, என் கால் பாஸானதான்னு அவருக்கே சந்தேகம் வந்துடும்."

அந்த அம்மா கையை உதறினாள். "உனக்கென்ன, உன் புருஷனா?" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஏனென்றால் இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த இரண்டு ஞாயிறும் அந்த அம்மா வரவில்லை. அவர் மட்டும் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக மூன்று மாடி ஏறி வந்தார். சண்டையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

தேர்வு நாள் நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சிறிய அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கண்காணிப்பாளர் அம்மா. மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம், இவருக்கு ஒரு மணி கூடுதல். முதல் ஐந்து கேள்வியும் அச்சுப் பிசகாமல் போனது. ஒவ்வொன்று முடிந்ததும் "மறுபடி படி" என்றார், ஒன்றில் ஒரு காரணத்தைச் சேர்த்தார், ஒன்றில் தேவையில்லாததை அடிக்கச் சொன்னார்.

பிறகு பன்னிரண்டு மார்க் கேள்வி வந்தது. தேர்ச்சி பெறாத குழந்தைகளை அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதை விவாதிக்க.

அவர் முகம் மாறிவிட்டதாம். பத்து வயதில் பார்வை மங்க ஆரம்பித்தபோது பலகை தெரியாமல், அது யாருக்கும் புரியாமல், இரண்டு வருஷம் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர் அவர். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசிப் பெஞ்சு. ஆரம்பித்தார் பாருங்கள்! நிறுத்தி வைக்கவே கூடாது, அது குழந்தையைக் கொல்லும், தோற்றது குழந்தையில்லை, பள்ளிக்கூடம்தான் என்று, நிறுத்தாமல் இரண்டரைப் பக்கம்.

"அவ்வளவு நல்லா யாரும் சொல்லி நான் எழுதினதில்லை அத்தை" என்றாள் இவள். "ஆனா ஒரு பக்கம்தான். மறுபடி படின்னு சொல்வார், சொல்வார்னு பாக்கறேன். 'அடுத்தது' அப்படின்னுட்டார்."

அவள் அடுத்ததை வாசித்தாள்.

அடுத்ததும் அதற்கடுத்ததும் கோடிட்டுக் காட்டுக என்கிற வகை. நாலு வரி, நாலு வரி. முன்னைப் போல இருந்தால் அங்கேயே மணி அடித்திருக்கும். இப்போது எல்லாம் முடிந்தபோது இன்னும் பதினாறு நிமிஷம் இருந்தது.

"முடிஞ்சுதாம்மா?"

"எல்லாக் கேள்விக்கும் எழுதியாச்சு."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தாளைக் கட்டிக் கொடுக்கச் சொல்லிவிடுவார் என்று இவள் நினைத்தாளாம். கண்காணிப்பாளர் அம்மாவும் நூலை எடுத்துவிட்டாள்.

"நேரம் இருக்குல்ல? முதல்லேர்ந்து கேள்வியை மட்டும் படி."

இவள் படித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் ஒரே குரலில். ஆறாவது வந்தபோது கடைசிச் சொல்லைத் தன்னையறியாமல் அழுத்திவிடுவோமோ என்று பயந்தாளாம். நிறுத்தி வைப்பதை விவாதிக்க. படித்துவிட்டு அதே வேகத்தில் ஏழாவதற்குப் போனாள்.

"நில்லும்மா. ஆறு. மறுபடி."

படித்தாள்.

"ஐயோ" என்றார். "கணக்கு வாத்தியார்!"

கண்காணிப்பாளர் அம்மா நிமிர்ந்து, "யாரு வாத்தியார்?" என்றாள்.

"நான்தாங்க. கூடுதல் தாள் ஒண்ணு குடுங்க."

பதினோரு நிமிஷத்தில் சொல்லி முடித்தார். எதிர்ப்பக்கத்துக்காக. எழுத்தே தெரியாமல் மேலே மேலே போகிற குழந்தை எட்டாம் வகுப்பில் போய் முழிப்பதை, பெற்றவர்களுக்கு அதுவரை சேதி தெரியாமல் போவதை, இன்னும் ஒரு வருஷம் இருந்ததால் தேறிய பிள்ளைகளும் உண்டு என்பதை. தனக்குப் பிடிக்காததை அவர் வாயாலேயே நேர்மையாகச் சொன்னார். கடைசியில் இரண்டையும் நிறுத்துப் பார்த்து, நிறுத்தி வைப்பதும் சும்மா அனுப்புவதும் இரண்டுமே குழந்தையைப் பார்க்காமல் செய்கிற காரியம், மேல் வகுப்புக்கு அனுப்பி அங்கே தனி உதவி கொடுப்பதே சரி என்று முடித்தார். இவள் எழுதிய வேகத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும் மணி மணியாக இல்லையாம். அதில் அவளுக்கு இன்றைக்கும் வருத்தம்.

வெளியே வரும்போது கண்காணிப்பாளர் அம்மா இவளிடம், "என்னம்மா, ரயில் நிலையத்துல அறிவிக்கிற மாதிரியே படிக்கிறே, கொஞ்சம் உயிரோட படிக்கக் கூடாதா?" என்றாளாம். அந்த ஒரு பேச்சுக்கு இவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள்.

ஐம்பத்தைந்து வந்தது. சேதி சொல்ல அவர் வரவில்லை, அவர் மனைவிதான் வந்தாள். மூன்று மாடி ஏறி வந்து, கதவைத் திறந்த என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், இவளைக் கட்டிக்கொண்டாள். "அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே" என்றாள். "எதை அண்ணி? காலைப் பத்தியா, புருஷனைப் பத்தியா?" என்று இவள் கேட்டதும், இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் மறுபடி ஏறி வந்துவிட்டார், மோட்டர் வெடித்துவிட்டதோ என்று.

டெலிபோன்காரர் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். மணிக்கைக்கு நாற்பது வயது. அதே ஜெராக்ஸ் கடையில் வேலை, தேர்வுக் காலத்தில் கல்லூரியின் சின்ன அறை. என் வீட்டில், என்னோடுதான் இருக்கிறாள்.